சொல்வதா, விடுவதா: முடிந்துபோன தொடர்பைத் துணையிடம் சொல்வது பற்றி

இங்கே பேசப்படுவது ஒரேயொரு நிலைமை. கலியாணத்துக்குப் பிறகு இன்னொருவரோடு தொடர்பு இருந்தது. அது முடிந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. துணைக்கு இன்றுவரை தெரியாது. இனிச் சொல்வதா, சொல்லாமலே விடுவதா? தொடர்பு இன்னும் நடந்துகொண்டிருந்தால் இந்தக் கேள்விக்கே இடமில்லை. முதலில் அதை நிறுத்த வேண்டும். நிறுத்தாமல் சொல்பவர் தன் பாரத்தை இறக்கி மற்றவர் தலையில் வைக்கிறார், அவ்வளவுதான்.

பொதுவாகப் பேசினால் ஒன்றும் பிடிபடாது என்பதால் ஒரு கற்பனைக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். ஒட்டுசுட்டான் பக்கத்தில் வீடு, மூன்று ஏக்கர் வயல். கணவருக்கு 41 வயது, மனைவிக்கு 38. இரண்டு பிள்ளைகளில் மூத்தவள் இந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுதுகிறாள். கணவர் 2019இல் எட்டு மாதம் வவுனியாவில் அறை எடுத்துத் தங்கிக் கட்டட வேலை மேற்பார்த்தார். அந்த நாட்களில் அங்கே ஒரு பெண்ணோடு தொடர்பு. வேலை முடிய அதுவும் முடிந்தது, அந்தப் பெண் வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டார். அறையில் கூடத் தங்கியிருந்த நண்பருக்கு மட்டும் விசயம் தெரியும். அந்த நண்பர் புதுக்குடியிருப்பில், மனைவியின் சின்னம்மா வீட்டுக்கு அடுத்த ஒழுங்கையில் இருக்கிறார்.

இவருக்கு முன்னால் மூன்று வழிகள் உண்டு: ஒருநாளும் சொல்லாமல் விடுவது, முழுவதையும் சொல்வது, முதலில் வெளியாள் ஒருவரிடம் பேசிவிட்டுப் பிறகு தீர்மானிப்பது. நான்காவதாகப் பலரும் தேர்ந்தெடுக்கும் ஒரு வழி இருக்கிறது, பாதியைச் சொல்வது. அதை எந்தக் காரணத்துக்காகவும் எடுக்கக்கூடாது. ஏன் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

மனச்சாட்சிக்கு முன்னால் இரத்தப் பரிசோதனை

உண்மை, துரோகம், மன்னிப்பு என்று யோசிக்கத் தொடங்குமுன் செய்யவேண்டிய ஒரு காரியம் இருக்கிறது. பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்துக்குப் போய் எச்.ஐ.வி.க்கும் சிபிலிஸுக்கும் இரத்தம் கொடுப்பது. அரச வைத்தியசாலைகளோடு இயங்கும் இந்த நிலையங்களில் சோதனை இலவசம், விபரம் இரகசியமாக இருக்கும். ஊரில் யாராவது காண்பார்கள் என்ற பயம் இருந்தால் பக்கத்து மாவட்டத்து நிலையத்துக்குப் போகலாம். கடைசித் தொடர்புக்குப் பிறகு மூன்று மாதம் கடந்திருந்தால் இந்த இரண்டுக்கும் வரும் பெறுபேற்றை நம்பலாம். நம் கணவருக்கு வருடங்களே கடந்துவிட்டன, ஆகவே ஒரு தடவை கொடுத்தால் போதும்.

பெறுபேற்றில் நோய் காட்டினால் "சொல்வதா" என்ற கேள்வி அதோடு முடிந்துவிட்டது. மனைவியும் சோதிக்கப்பட வேண்டும், தேவைப்பட்டால் சிகிச்சை பெற வேண்டும். சிபிலிஸ் பென்சிலினால் குணமாகும். ஆனால் ஒருவருக்கு மட்டும் மருந்து கொடுத்தால் அது மற்றவரிடமிருந்து திரும்ப வரும். எச்.ஐ.வி.க்கும் இன்று நல்ல சிகிச்சை உண்டு, எவ்வளவு நேரத்தோடு தொடங்குகிறோமோ அவ்வளவு நன்மை. நிலையத்து வைத்தியரிடமும் தாதியரிடமும் "மனிசிக்கு எப்பிடிச் சொல்லுறது" என்று கேட்கலாம். துணைக்கு அறிவிக்க உதவுவதும் அவர்களுடைய வேலைதான். மனைவி கர்ப்பமாக இருந்தால் இன்னும் அவசரம். கர்ப்பவதிகளுக்கான கிளினிக்கில் தொடக்கத்திலேயே இந்த இரண்டு சோதனையும் செய்கிறார்கள். கணவர் மறைத்ததை ஒரு கிளினிக் வாங்கிலில் இருந்தபடி அவர் அறிய நேர்வது மிகக் கொடூரமான வழி.

நோய் இல்லையென்று வந்தாலும் ஒரு சின்ன விசயம் மிஞ்சும். கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ் ஆண்களிடம் அறிகுறி காட்டாமல் இருக்கக்கூடும், அதை இந்த இரத்தப் பரிசோதனை காட்டாது. 35 வயதிலும் 45 வயதிலும் பெண்களைச் சுகவனிதையர் கிளினிக்குக்கு வரச்சொல்வது அதற்காகத்தான். 35இல் போகத் தவறிய மனைவியை இப்போது போகச்சொல்ல எந்த ஒப்புதல் வாக்குமூலமும் தேவையில்லை. எல்லாப் பெண்களும் போகவேண்டிய இடம் அது.

நோயைப் போலவே கட்டாயமாகச் சொல்லவைக்கும் வேறு இரண்டு உண்டு. ஒன்று, அந்தத் தொடர்பில் பிள்ளை பிறந்திருப்பது. மற்றது, குடும்பத்துக் காசு போயிருப்பது, அதாவது அடகுவைத்த நகை, நுண்கடன், விற்ற மாடு போன்றவை இன்னும் கணக்குத் தீராமல் இருப்பது. கடனுக்குத் தவணை கட்டுகிறவர் மனைவி என்றால், எதற்காகக் கட்டுகிறோம் என்று அறிய அவருக்கு உரிமை உண்டு.

யாரிடமிருந்து கேட்கப்போகிறார்?

இவை எதுவும் இல்லையென்று வைத்துக்கொள்வோம். அடுத்துப் பார்க்கவேண்டியது, வன்னியில் மற்ற எல்லாவற்றையும்விடக் கனமானது. வேறு யாருக்குத் தெரியும்?

கொழும்பில் ஒரு தொடர்மாடியில் நடந்தது அங்கேயே புதைந்துபோகலாம். வன்னிக் கிராமம் அப்படியில்லை. இடம்பெயர்ந்தபோதும் முகாமிலும் மீள்குடியேறிய பிறகும் ஒன்றாக இருந்த சனம். ஒரே குடும்பத்தின் கிளைகள் முள்ளியவளையிலும் விசுவமடுவிலும் செட்டிகுளத்திலும் இருக்கின்றன, மிச்சப்பேர் கனடாவிலும் சுவிஸிலும் வாட்ஸ்அப்பில் இருக்கிறார்கள். செய்தி ஐந்து வருடம் அடங்கியிருக்கும். பிறகு ஒரு எல்லைவேலிப் பிரச்சினையில், கொடுத்த காசு திரும்பாத கோபத்தில், ஒரு கலியாணப் பேச்சைக் குழப்பவேண்டிய தேவையில் வெளியே வரும். வரும்போது உள்ளதை விடக் கூட்டித்தான் வரும்.

ஆகவே கணவர் ஒரு தாளை எடுத்து, தெரிந்தவர்கள், சந்தேகப்பட்டவர்கள், படமோ குறுஞ்செய்தியோ வைத்திருக்கக்கூடியவர்கள் என்று எழுதிப்பார்த்து, பிறகு தாளை எரித்துவிட வேண்டும். மனத்துக்குள் எண்ணினால் ஆட்கள் குறைந்துதான் தெரிவார்கள். அந்த அறை நண்பருக்குத் தெரியுமென்றால் அவருடைய மனைவிக்கும் தெரியும் என்றே எடுக்க வேண்டும். அந்த மனைவி மாலையில் யாரோடு கதைக்கிறார்? சின்னம்மா வீட்டுக்கு அடுத்த ஒழுங்கை என்பது நம் உதாரணத்தில் தற்செயலாகப் போட்ட விபரம் அல்ல.

துரோகத்தைத் தன் ஆளின் வாயால் கேட்பதும் மூன்றாம் ஆளின் வாயால் கேட்பதும் ஒன்றல்ல. முதலாவதில் காயம் ஒன்று. இரண்டாவதில் "ஊருக்கெல்லாம் தெரிஞ்சிருக்கு, எனக்குத்தான் தெரியேல்லை" என்ற அவமானமும் சேரும். அது முதல் காயத்தைவிட ஆறக் கடினம். ஏனென்றால் அதற்குப் பிறகு அவர் கோயிலுக்கோ கடைக்கோ போகும்போதெல்லாம் எதிரே வரும் ஒவ்வொரு முகத்தையும் சந்தேகிக்கிறார்.

அமெரிக்காவில் ஆற்றுப்படுத்தலுக்கு வந்த தம்பதிகளை ஐந்து வருடம் பின்தொடர்ந்து 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வு, துரோகம் வெளிப்படையாகப் பேசப்பட்ட குடும்பங்களில் 43 வீதமும் மறைக்கப்பட்ட குடும்பங்களில் 80 வீதமும் பிரிந்ததாகச் சொல்கிறது. இதை வேதவாக்காக எடுக்கக்கூடாது. துரோகம் நடந்த தம்பதிகள் அதில் மிகச் சிலரே, எல்லோரும் ஏற்கெனவே பிரச்சினையோடு உதவி தேடி வந்தவர்கள். ஆனால் "சொன்னால் குடும்பம் கட்டாயம் உடையும்" என்ற பயம் முழு உண்மையல்ல என்று காட்ட அது போதும்.

சொல்லாமல் விடுவது: எப்போது தகும், என்ன விலை

சொல்லாமல் விடுவதைக் கோழைத்தனம் என்று ஒரேயடியாகத் தள்ளுவது சரியில்லை. நோய் இல்லை, பிள்ளை இல்லை, கடன் இல்லை, தெரிந்தவர் எவரும் இல்லை, துணை ஒருபோதும் கேட்கவில்லை, தொடர்பு உண்மையாகவே முடிந்துவிட்டது. இவ்வளவும் சேர்ந்திருந்தால், சொல்லாமல் இருப்பது தகுந்த தீர்மானமாக இருக்கலாம். 2009இல் பெற்றோரையோ சகோதரத்தையோ இழந்து, இன்றும் நித்திரையில் திடுக்கிட்டு எழும்பும் ஒருவருக்கு இந்த வீடுதான் பாதுகாப்பான ஒரே இடம் என்றால், அந்த இடத்தைக் குலைக்கும் செய்தியை எதற்காகக் கொடுக்கிறோம் என்று நூறு தரம் கேட்டுப்பார்க்க வேண்டும். "சொன்னால் எனக்கு நிம்மதி" என்பது மட்டுமே காரணமென்றால் அது போதாது.

அந்த நிம்மதியைப் பற்றி ஒரு முக்கியமான விசயம். இரகசியம் ஏன் உறுத்துகிறது என்று மைக்கேல் ஸ்லெபியன் குழுவினர் 2017இல் வெளியிட்ட ஆய்வில் தெரிந்தது இது: ஆள் முன்னால் மறைக்கவேண்டி வரும் நேரங்களைவிட, தனியே இருக்கும்போது மனம் அதற்கே திரும்பத் திரும்பப் போவதுதான் அதிகம் நடக்கிறது, அதிகம் தேய்ப்பதும் அதுதான். அப்படியென்றால் உறுத்தலைக் குறைக்க மனைவியிடம்தான் சொல்லவேண்டும் என்றில்லை. நம்பிக்கையான வேறோர் ஆளிடம் பேசினாலும் குறையும்.

விலை என்ன? சும்மா இருப்பதற்கும் பொய் சொல்வதற்கும் இடையில் ஒரு கோடு இருக்கிறது. சொல்லாமல் இருப்பவர் ஒருநாள் அந்தக் கோட்டுக்கு வந்துசேர்வார். "வவுனியாவில இருக்கேக்க உங்களுக்கு ஆரோடையும் பழக்கம் இருந்ததோ?" என்று மனைவி நேரே கேட்கும் நாள் அது. அன்றைக்கு இல்லையென்று சத்தியம் பண்ணினால், பழைய துரோகத்தோடு இன்றைய துரோகமும் சேர்கிறது. பின்னால் தெரியவரும்போது மனைவியால் மன்னிக்க முடியாமல் போவது பெரும்பாலும் இந்த இரண்டாவதைத்தான். ஆகவே சொல்லாமல் விடும் தீர்மானத்தோடு இன்னொரு தீர்மானமும் சேர்த்தே எடுக்க வேண்டும்: நேரே கேட்டால் மறுக்கமாட்டேன்.

மறைப்பு குடும்பத்தை வேறு விதமாகவும் தின்னலாம். மனைவியின் முகத்தைப் பார்த்துக் கதைக்கக் கூசுவது, காரணமில்லாமல் சீறுவது, அவரையே சந்தேகிக்கத் தொடங்குவது, வவுனியா என்ற பேச்சு வந்தாலே எழும்பிப் போவது. இவை தெரிந்தால் மௌனம் வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.

வெளியாளிடம் முதலில்

மூன்றாவது வழியைப் பலர் தப்பித்தல் என்று நினைக்கிறார்கள். பெரும்பாலானோர் தொடங்கவேண்டிய இடம் அதுதான். பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கும் போகலாம். தேசிய உளநல உதவி இலக்கமான 1926க்கு எடுத்துத் தமிழில் பேசலாம். கத்தோலிக்கர்களுக்குப் பாவசங்கீர்த்தனம் உண்டு, அதில் கேட்டதைக் குருவானவர் எந்தக் காரணத்துக்காகவும் வெளியே சொல்ல முடியாது என்பது திருச்சபைச் சட்டம். உள்ளூர் ஆள் என்ற பயம் இருந்தால் மடுவுக்குப் போகும்போது செய்யலாம்.

போகக்கூடாத ஆட்களும் உண்டு. மச்சான், மனைவியின் அக்கா, கூடக் குடிக்கும் நண்பர், ஊர்ப் பெரியவர். இவர்களிடம் சொன்னால், மேலே எழுதிய தாளில் இன்னொரு பெயர் கூடுகிறது. மனைவிக்கு முன்னால் அவருடைய உறவுக்காரர் அறிந்துகொண்டார் என்பதே பிறகு தனிக் குற்றமாகும்.

மனைவி சொல்லவேண்டி வந்தால்

இதுவரை கணவரை வைத்துப் பேசினோம். தொடர்பு மனைவிக்கு இருந்திருந்தால், உதாரணமாகக் கணவர் கட்டாரில் இருந்த காலத்தில் நடந்திருந்தால், கணக்கு முழுதாக மாறுகிறது. ஒரே பிழைக்கு ஆணுக்கு வசவும் பெண்ணுக்கு அடியும் கிடைக்கும் இடத்தில் இரண்டு பேருக்கும் ஒரே ஆலோசனை சொல்வது அநியாயம்.

அவர் முதலில் கேட்கவேண்டியது: என்னவர் முன்பு கை நீட்டியிருக்கிறாரா? குடித்தால் எப்படி? கழுத்தைப் பிடித்திருக்கிறாரா, கத்தியைக் காட்டியிருக்கிறாரா, "கொன்றுபோடுவன்" என்று சொல்லியிருக்கிறாரா? இவற்றில் ஒன்றுக்காவது ஆமென்றால் சொல்லக்கூடாது. நேர்மையைவிட உயிர் பெரிது. கணவர் நேரே கேட்டாலும் அந்த இடத்தில் உண்மை சொல்லும் கடமை இல்லை. சந்தேகம் முற்றிவிட்டது என்று தெரிந்தால் 1938 என்ற பெண்கள் உதவி இலக்கமும், வைத்தியசாலைகளில் உள்ள நட்பு நிலையமும், பிரதேச செயலகத்துப் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரும் உதவுவார்கள். 2005ஆம் ஆண்டு 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் நீதவான் நீதிமன்றில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். செய்த பிழை என்னவானாலும் அடிவாங்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

அடி பயம் இல்லாவிட்டாலும் காணி அனுமதிப்பத்திரம் யார் பெயரில் இருக்கிறது, கையில் எவ்வளவு காசு, தாய்வீடு ஏற்றுக்கொள்ளுமா என்பவற்றை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். சட்டத்தில் தெரிந்திருக்க வேண்டியவை சொற்பம்தான். கலியாணம் முடித்தவர் வேறொருவரோடு உறவு வைப்பது இலங்கையில் குற்றமல்ல, பொலிஸ் பிடிக்க முடியாது. ஆனால் மாவட்ட நீதிமன்றில் விவாகரத்துக் கேட்க அது ஒரு காரணம், கணவன் மனைவி இருவருக்கும் பொருந்தும். தாபரிப்புச் சட்டம் தாபரிப்பை மறுப்பது இப்போதும் அப்படியான உறவில் வாழ்ந்துகொண்டிருக்கும் துணைக்குத்தான். வருடங்களுக்கு முன் முடிந்தது அதோடு ஒன்றல்ல. பிள்ளைகளுக்கான தாபரிப்பை இதைக் காட்டி நிறுத்தவும் முடியாது.

சொல்வதென்றால்

நம் ஒட்டுசுட்டான் கணவருக்குத் திரும்புவோம். நோய் இல்லை. கடன் இல்லை. ஆனால் நண்பருக்குத் தெரியும், அவர் வீடு இருக்கும் இடமும் தெரியும். மனைவி வீட்டில் அடிபயத்தோடு வாழ்பவரல்ல. இந்த நிலையில் சொல்வதே மேல் என்பது நமது தீர்மானம். எப்போது, எப்படி?

மகளின் பரீட்சை முடிந்த பிறகு. அறுவடைக் காலத்திலும் வேண்டாம், கொண்டாட்டத்துக்கு முதல் கிழமையிலும் வேண்டாம். ஆனால் ஒரு திகதி குறிக்க வேண்டும், இல்லாவிட்டால் "நல்ல நேரம்" ஒருநாளும் வராது. பிள்ளைகள் அம்மம்மா வீட்டில் நிற்கும் ஒரு நாள், காலை நேரம், குடிக்காமல், வீட்டுக்குள். இரவில் சொன்னால் விடியும்வரை அவர் யாரிடமும் போக முடியாது. போனிலும் எழுத்திலும் சொல்லக்கூடாது. துணை வெளிநாட்டில் தனி அறையில் இருப்பவரென்றால் விடுமுறைக்கு வரும்வரை பொறுக்க வேண்டும், நோய் மட்டுமே அதற்கு விலக்கு.

அதற்கு முன்னால், வயலுக்கு அடிக்கும் மருந்து எதுவும் வீட்டிலோ கொட்டிலிலோ இருக்கக்கூடாது. சொல்வதற்குச் சில நாட்கள் முந்தியே அதை வேறிடத்தில் பூட்டிவைக்க வேண்டும், தேவைக்கு மேற்பட்ட மாத்திரைகளையும்தான். விவசாயக் குடும்பங்களில் ஒரு கணக் கோபம் உயிரைக் கொண்டுபோவது அது கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால்தான். இது மனைவிக்கு மட்டுமல்ல, சொல்பவருக்கும் பொருந்தும். முதல் சில நாட்கள் எவரும் தனியே இருக்கக்கூடாது. சாவு பற்றிய பேச்சு வந்தால் வெருட்டு என்று விடாமல் வைத்தியசாலைக்குக் கூட்டிப்போக வேண்டும்.

சொல்லவேண்டியது ஏழெட்டு வசனங்கள்தான்:

"உமக்குத் தெரியவேண்டிய ஒரு விசயம் இருக்கு. 2019இல வவுனியாவில நிக்கேக்க ஒரு பொம்பிளையோட எனக்குத் தொடர்பு இருந்தது. எட்டு மாசம். வேலை முடிய முடிஞ்சுது, அதுக்குப் பிறகு ஒருக்காலும் கதைக்கேல்லை. இரத்தம் சோதிச்சனான், ஒரு வருத்தமும் இல்லை, துண்டு இருக்கு. கூட இருந்த ஆளுக்கு இது தெரியும். பிழை முழுக்க என்ர. நீர் கேக்கிறதுக்குப் பொய் சொல்லமாட்டன்."

இதில் "ஆனால்" இல்லை, "நீயும்தான்" இல்லை, "தனிய இருந்தனான்" என்ற சாட்டும் இல்லை. மன்னிப்பைக் கேட்டு உடனே பதில் எதிர்பார்ப்பதும் இல்லை. எட்டு மாதத்தை ஒரு மாதமாக்கிச் சொல்வதுதான் அந்த நான்காவது வழி. மிச்சம் பிறகு தெரியவரும், வரும்போது அன்றைக்குச் சொன்ன உண்மையும் பொய்யாகிவிடும். ஒவ்வொரு தவணைக்கும் அவர் முதலிலிருந்து உடைகிறார். மூன்றாம் தவணைக்குப் பிறகு எதையும் நம்பமாட்டார்.

யார், எங்கே, எவ்வளவு காலம், எவ்வளவு காசு, யாருக்குத் தெரியும் என்ற கேள்விகளுக்கு முழுப் பதில் கொடுக்க வேண்டும். உடல் நெருக்கத்தின் விபரங்களைக் கேட்டால் உடனே கொட்டக்கூடாது. கேட்டவுடன் அது படமாக மனத்தில் பதிந்துவிடும், பிறகு அழியாது. "அதைக் கேட்டா உமக்குத்தான் நோகும். ஒரு கிழமை போகட்டும், அப்பவும் வேணுமெண்டாச் சொல்லுறன்" என்று சொல்லி, அந்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும்.

பிறகு வரும் கிழமைகளில் ஒரே கேள்வி இருபது தரம் வரும். மறந்து கேட்பதல்ல அது, பதில் மாறுகிறதா என்று பார்ப்பது. அதே பதிலை அதே பொறுமையோடு சொல்ல வேண்டும். நித்திரை போகும், சாப்பாடு இறங்காது, நன்றாக இருந்த ஒரு நாளுக்கு அடுத்த நாள் கொந்தளிக்கும். இது மாதங்களில் அடங்குவதல்ல, வருடக்கணக்கு எடுக்கலாம். "சொல்லி மூண்டு மாசமாச்சு, இன்னும் ஏன்" என்று கேட்கும் உரிமை சொன்னவருக்கு இல்லை.

யாரிடம் சொல்வது என்பதை மனைவியே தீர்மானிக்க வேண்டும். தன் அக்காவிடம் மட்டும் சொல்லட்டும், உளவளத்துணை உத்தியோகத்தரிடம் போகட்டும், ஒருவரிடமும் சொல்லாமல் இருக்கட்டும். பெரியவர்களைக் கூட்டி விசாரணை வைக்க அவர் விரும்பாவிட்டால், கணவர் தன் பக்கத்து ஆட்களை அழைத்துச் சமாதானம் பேசவைக்கக் கூடாது. தாய்வீட்டுக்குப் போகிறேன் என்றால் தடுக்காமல் கொண்டுபோய் விட்டு, செலவுக்குக் காசு கொடுத்து, பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தையும் வயலையும் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். பிள்ளைகள் கேட்டால் "அப்பா ஒரு பிழை விட்டிட்டன், அம்மா கோவமா இருக்கிறா, அது உங்களால இல்லை" என்ற அளவு போதும். பிரிவதா, இருப்பதா என்ற முடிவை முதல் சில கிழமைகளுக்குள் இரண்டு பேரும் எடுக்காமல் விடுவது நல்லது. அதற்குப் பிறகு அவர் எடுக்கும் முடிவு விவாகரத்தாக இருந்தால், அதையும் ஏற்றுக்கொள்ளத் தயாராக இருந்துதான் அன்று காலையில் வாயைத் திறக்க வேண்டும்.